லாரி ஷாஃப்ட்டில் அம்புக்குறி எதற்கு?

லாரியின் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைத் துடைத்துப் பார்த்தால், ஸ்லிப் ஜாயிண்ட்டின் இரண்டு பக்கமும் ஒரு சின்ன அம்புக்குறி குத்தியிருக்கும். கழற்றி மாட்டும்போது இந்த இரண்டு அம்புகளும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். சேறும் கிரீஸும் மூடியிருந்தால் அம்பு கண்ணில் படாது. உள்ளே பல் பொருந்துகிற ஏதோ ஓரிடத்தில் தள்ளி மாட்டிவிடலாம். ஷாஃப்ட் சுற்றும், வண்டியும் நகரும். வேகம் பிடித்த பிறகுதான் அடியிலிருந்து அதிர்வும் இரைச்சலும் கிளம்பும். பழியைச் சக்கரத்தின் மீதோ பேரிங் மீதோ போட்டு அவற்றை மாற்றினாலும் அதிர்வு போகாது.

காரணம் ஜாயிண்ட்டின் வடிவத்திலேயே இருக்கிறது. கியர் பாக்ஸ் சேஸில் பொருத்தப்பட்டது, அதிகம் அசையாது. பின் அச்சோ ஸ்பிரிங் மீது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டையும் இணைக்கும் ஷாஃப்ட் சாய்ந்தபடியே சுற்ற வேண்டியிருப்பதால், அதன் இரு முனையிலும் யுனிவர்சல் ஜாயிண்ட் வைக்கிறார்கள். இரண்டு கவைகள், நடுவில் கூட்டல்குறி போன்ற ஒரு கிராஸ், அதன் நான்கு முனையிலும் ஊசி பேரிங், அவ்வளவுதான். ஒரு கவை கிராஸின் ஒரு கையைப் பிடித்துச் சுற்றுகிறது. அதற்குச் செங்குத்தான இன்னொரு கை அடுத்த கவையைச் சுற்றுகிறது.

பார்வைக்கு எளிமையான இந்த ஏற்பாட்டில் ஒரு குணம் உண்டு. சாய்ந்த நிலையில், முதல் ஷாஃப்ட் சீராகச் சுற்றினாலும் இரண்டாவது ஷாஃப்ட் சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை முந்தும், இருமுறை பிந்தும். மொத்தச் சுற்றுகளின் எண்ணிக்கை மாறுவதில்லை. ஒரு சுற்றுக்குள்ளேதான் இந்த ஏற்ற இறக்கம்.

ஏன் இப்படி? சுவர்க் கடிகாரத்தைப் பக்கவாட்டில் நின்று சாய்வாகப் பாருங்கள். வட்டம் நீள்வட்டமாகத் தெரியும். முள் சீராக நகர்ந்தாலும் உங்கள் பார்வையில் அது பன்னிரண்டு, ஆறு அருகே மெதுவாகவும், மூன்று, ஒன்பது அருகே வேகமாகவும் திரும்புவது போலிருக்கும். மூன்றில் முள் குறுகித் தெரிகிறது, ஆனால் அதன் நுனி முழு வேகத்தோடு மேலிருந்து கீழே போகிறது. குறுகிய முள் அதே தூரத்தைக் கடக்க அதிகக் கோணம் திரும்பியாக வேண்டும். பன்னிரண்டில் முள் முழு நீளத்தோடு தெரிகிறது, நுனியின் ஓட்டம்தான் குறுகிப் போகிறது. ஜாயிண்ட்டிலும் நடப்பது இதுவே. முதல் ஷாஃப்ட் பிடித்திருக்கும் கிராஸின் கைதான் அந்த முள்; இரண்டாவது ஷாஃப்ட்டின் திசையிலிருந்து பார்க்கும்போது அந்தக் கை எந்தக் கோணத்தில் தெரிகிறதோ, அந்தக் கோணத்துக்குத்தான் இரண்டாவது ஷாஃப்ட் திரும்பும். கண்ணுக்கு வெறும் தோற்றமாக இருந்தது, இங்கே இரும்பின் அசைவாகவே ஆகிவிடுகிறது.

இதை ராபர்ட் ஹூக் 17-ஆம் நூற்றாண்டிலேயே கவனித்திருந்தார். 1676-இல் வெளியிட்ட நூலில், சூரியனைப் பார்க்கும் கருவிகளுக்காக இந்த ஜாயிண்ட்டை விவரித்தார். இந்தச் சீரற்ற ஓட்டம் சூரியக் கடிகாரத்தின் நிழல் நகரும் ஓட்டத்தை ஒத்தது என்பதையும் கண்டார். லண்டனின் அட்சரேகை சுமார் 51.5 பாகை. ஜாயிண்ட்டை 38.5 பாகை சாய்த்தால், அங்கே தரையில் கிடக்கும் சூரியக் கடிகாரத்தின் மணிக்கோடுகளை அது அப்படியே பின்பற்றும். குறையாகத் தெரிந்த ஒன்றையே அளவுகோலாக்கிய அந்தப் பார்வை எனக்குப் பெரிய வியப்பு.

லாரிக்கு வருவோம். பின் சக்கரம் ஒருமுறை உருண்டால் 3.2 மீட்டர் நகர்கிறது, பின் அச்சில் கியர் விகிதம் 6 என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 1,875 சுற்றுச் சுற்றும். ஜாயிண்ட் 6 பாகை சாய்ந்திருந்தால், அடுத்த பக்கத்தின் வேகம் 1,865-க்கும் 1,885-க்கும் இடையே ஊசலாடும். சின்ன வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் ஒரு சுற்றுக்கு இருமுறை என்பதால் இந்த ஊசல் நொடிக்கு 62 தடவை நடக்கிறது. சரக்கேற்றிய லாரியால் நொடிக்கு 62 தடவை வேகம் கூட்டிக் குறைக்க முடியாது. ஆகவே அந்த ஊசல் முழுவதும் முறுக்கு விசையாக மாறி, கிராஸ், பல், கிரவுன் எல்லாவற்றையும் மாறி மாறித் தட்டுகிறது.

இதற்கு மருந்து இரண்டாவது ஜாயிண்ட். முதலாவது எங்கே முந்துகிறதோ அங்கே இது அதே அளவு பிந்த வேண்டும். இரண்டு சாய்வும் சமமாக இருப்பது ஒரு நிபந்தனை. கியர் பாக்ஸ் ஷாஃப்ட்டும் பின் அச்சின் ஷாஃப்ட்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தாலே இது அமைந்துவிடும். இன்னொரு நிபந்தனை, நடு ஷாஃப்ட்டின் இரு முனையிலும் உள்ள கவைகள் ஒரே தளத்தில் நிற்பது. முதல் ஜாயிண்ட் நடு ஷாஃப்ட்டை மிக வேகமாகத் தள்ளும் கணத்தில், நடு ஷாஃப்ட்டின் கவை சாய்வுத் தளத்துக்குக் குறுக்காக நிற்கும். மறுமுனைக் கவையும் அப்படியே குறுக்காக நின்றால், இரண்டாவது ஜாயிண்ட் தன் பங்குக்கு மிக மெதுவாகக் கடத்தும் கணமும் அதுவே ஆகிறது. கூடியது குறைந்து, பின் அச்சுக்குச் சீரான 1,875 போய்ச் சேர்கிறது.

அதே கவையை 90 பாகை திருப்பி மாட்டினால் முந்தலின் மேல் முந்தல் ஏறும். மேலே சொன்ன லாரியில் ஊசல் 1,854-லிருந்து 1,896 வரை விரியும். ஒரே ஜாயிண்ட் மட்டும் இருந்தால் வரும் ஊசலைப் போல இது இரு மடங்கு. 16 பல் உள்ள ஸ்லிப் ஜாயிண்ட்டில் ஒரு பல் தள்ளி மாட்டினாலே 22.5 பாகை விலகிவிடும்.

அம்பு சரியாக இருந்தும் அதிர்வு வந்தால் சாய்வுகளைச் சந்தேகிக்க வேண்டும். ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டுவது, அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே கட்டை கொடுப்பது போன்ற வேலைகளால் ஒரு முனைச் சாய்வு மட்டும் மாறிவிடும். ஒரு பக்கம் 8 பாகை, மறுபக்கம் 3 பாகை என்றால் மிச்சம் 5 பாகைதான் என்று நினைப்போம். ஊசல் ஏறக்குறைய கோணத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், மிஞ்சுவது 7.4 பாகை சாய்ந்த தனி ஜாயிண்ட் தரும் ஊசல்.

நோயை அறியச் சில வழிகள் உண்டு. இந்த அதிர்வு வண்டியின் வேகத்தோடு போகும், இன்ஜின் வேகத்தோடு அல்ல; நியூட்ரலில் உருளவிட்டாலும் முழுதாக நிற்காது. ஷாஃப்ட் எடைச் சமநிலை கெட்டதால் வரும் அதிர்வு சுற்றுக்கு ஒருமுறைதான் அடிக்கும், இது இருமுறை. வெறும் வண்டிக்கும் பாரவண்டிக்கும் அதிர்வு மாறினால் சாய்வில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் பாரம் ஏறும்போது ஸ்பிரிங் அமுங்கிக் கோணம் மாறுகிறது.

எல்லாம் சரியாக அமைந்தாலும் நடு ஷாஃப்ட் மட்டும் ஊசலாடிக்கொண்டேதான் சுற்றும். அதை எந்த ஏற்பாடும் நீக்காது. அதனால்தான் அதை எடை குறைந்த உள்ளீடற்ற குழாயாகச் செய்து, சாய்வையும் சில பாகைக்குள் வைக்கிறார்கள். அதற்காகச் சாய்வே இல்லாமல் நேராக வைப்பதும் தவறு. ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் அழுத்தி, கிராஸில் பள்ளம் விழுந்துவிடும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஷாஃப்ட் மேல்கீழாக மட்டுமின்றிப் பக்கவாட்டிலும் சாய்ந்திருக்கும் சில வண்டிகளில், கவைகளைத் தொழிற்சாலையிலேயே கணக்குப் போட்டு வேண்டுமென்றே சற்றுத் திருப்பி வைத்திருப்பார்கள். கண்ணுக்கு நேராக்குகிறேன் என்று அதை மாற்றக் கூடாது. ஸ்லிப் ஜாயிண்ட்டை உருவும் முன் அம்பைத் தேடுங்கள். இல்லையென்றால் இரு பக்கமும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு இழுத்துவிட்டு உருவுங்கள்.