எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு பட்டம்: நூல் வெள்ளையாக இருக்கட்டும், கால் தரையில் இருக்கட்டும்

கோடை விடுமுறை தொடங்கியதும் வடசென்னைத் தெருக்களில் காற்றாடி ஏறிவிடும். கூடவே மாஞ்சா நூலால் கழுத்து அறுபட்ட செய்தியும் வரும். 2019 நவம்பரில் கொருக்குப்பேட்டையில் பெற்றோருடன் பைக்கில் சென்ற மூன்று வயதுக் குழந்தை இப்படித்தான் இறந்தது. பட்டம் விட்டவர்கள் எங்கேயோ இருந்தார்கள். நூல் மட்டும் சாலைக்கு வந்தது. எனவே பிள்ளைக்குப் பட்டம் செய்து தர நினைக்கும் பெற்றோர் முதலில் கவனிக்க வேண்டியது நூலைத்தான்.

எந்த நூல்?

மாஞ்சா என்பது பருத்தி நூலில் பசையும் கண்ணாடித் தூளும் சாயமும் கலந்து பூசிக் காயவைத்தது. அடுத்தவர் பட்டத்தை அறுக்கும் 'டீல்' போட்டிக்காக உருவானது. பிறகு வந்த நைலான் மாஞ்சா இன்னும் மோசம். பருத்தி நூல் எதிலாவது மாட்டினால் அறுந்துவிடும். நைலான் அறாது, மாட்டிய இடத்தைத்தான் அறுக்கும். மட்கவும் மட்காது என்பதால் மரக்கிளையில் தொங்கி மாதக்கணக்கில் பறவைகளைச் சிக்கவைக்கும். நைலான் போன்ற செயற்கை நூல்களைப் பட்டம் விடப் பயன்படுத்தக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் நாடு முழுவதற்கும் தடை விதித்தது. சென்னையில் மாஞ்சா செய்வதும் விற்பதும் அதில் பட்டம் விடுவதும் காவல்துறைத் தடைக்கு உட்பட்டவை.

எட்டு வயதுக் குழந்தைக்கு டீல் தேவையில்லை. எனவே மாஞ்சாவும் தேவையில்லை. சாயமில்லாத வெள்ளைத் தையல் நூல் போதும். கடைக்காரர் பருத்தி என்று சொன்னாலும் ஒரு துண்டைப் பெரியவர் ஒருவர் தீயில் காட்டிப் பார்க்கலாம். பருத்தி தாள்போல எரிந்து சாம்பலாகும். நைலான் உருகிச் சுருண்டு முனையில் கெட்டியான உருண்டையாகும். உருண்டை வந்தால் அந்த நூல் வேண்டாம். மீன்பிடி நரம்பும் செம்புக் கம்பியும் அதே கணக்குதான்.

கையால் இழுத்தால் அறுந்துவிடும் நூல்தான் இங்கே பாதுகாப்பு. அதில் 25 மீட்டர் மட்டும் அளந்து, ஒரு மரக்கட்டையில் முனையை முடிச்சுப்போட்டுச் சுற்றிக் கொடுங்கள். நூல் தீர்ந்தால் பட்டம் நின்றுவிடும். 'இன்னும் கொஞ்சம் விடவா?' என்ற கேள்வியே எழாது.

துடைப்பக் குச்சியில் ஒரு காற்றாடி

35 செ.மீ. பக்கமுள்ள சதுரமாக மெல்லிய வண்ணத்தாளை வெட்டுங்கள். கிடைக்காவிட்டால் செய்தித்தாள் போதும். மூலைக்கு மூலை நீளம் ஏறக்குறைய 50 செ.மீ. வரும். அந்த நீளத்துக்குத் தென்னந்துடைப்பத்தின் கெட்டியான ஈர்க்கை நறுக்கி, நடுமுள்ளாக மேலிருந்து கீழாக ஒட்டுங்கள். மைதாப் பசையோ சோற்றுப் பருக்கையோ போதும்.

குறுக்கே வரும் வில்லில்தான் பலர் தவறுகிறார்கள். ஈர்க்கு ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் இருக்கும். அதை அப்படியே வளைத்தால் ஒரு பக்கம் விறைப்பாகவும் மறுபக்கம் தொய்வாகவும் நிற்க, பட்டம் ஒரே பக்கம் சாயும். எனவே மெல்லிய ஈர்க்குகள் இரண்டைத் தலைமாற்றி வைத்து நூலால் சேர்த்துக் கட்டி, 56 செ.மீ. நீளத்துக்கு நறுக்குங்கள். நடுவில் விரல்மேல் வைத்தால் சமமாக நிற்க வேண்டும். இடது மூலையில் ஒரு முனையையும் வலது மூலையில் மறுமுனையையும் தாள்துண்டு வைத்து ஒட்டினால், வில் மேல்நோக்கி வளைந்து, தலையிலிருந்து சுமார் 14 செ.மீ. கீழே நடுமுள்ளைக் கடக்கும். அந்தச் சந்திப்பை நூலால் கட்டிவிடுங்கள். நறுக்கும் வேலை பெரியவருடையது. அளப்பதும் ஒட்டுவதும் பிள்ளையுடையது.

பட்டத்தை விடும் நூலோடு இணைக்கும் சூத்திரத்தின் மேல் நூலை வில்லும் முள்ளும் சந்திக்கும் இடத்திலும், கீழ் நூலை அடிமுனையிலிருந்து 12 செ.மீ. மேலேயும் கட்டுங்கள். இரண்டும் சேரும் முடிச்சிலிருந்து பார்த்தால் மேல் நூல் 24 செ.மீ., கீழ் நூல் 25 செ.மீ. இருக்கட்டும். அந்த ஒரு செ.மீ. வித்தியாசத்தால் பட்டத்தின் தலை காற்றின் பக்கம் சற்றே சாயும். பட்டம் நூலைப் பலமாக இழுத்துக்கொண்டு உயராமலே நின்றால் மேல் நூலைச் சற்றுக் குறையுங்கள். இழுப்பே இல்லாமல் படபடத்து விழுந்தால் அதைச் சற்று நீட்டுங்கள். சுழன்று சுழன்று குத்தினால் குறை சூத்திரத்தில் இல்லை, வாலில். மூன்று மீட்டர் தாள் வாலில் தொடங்கி, தேவைப்பட்டால் கூட்டலாம். டீல் விடும் பையன்கள் வாலைக் கேலி செய்வார்கள், செய்யட்டும்.

மொட்டைமாடி ஏன் ஆகாது?

பட்டம் விடும் குழந்தை மேலே பார்த்துக்கொண்டே பின்னால் நடக்கும். அதன் உயரம் சுமார் 125 செ.மீ.; உடலின் எடைமையம் ஏறத்தாழ 70 செ.மீ. உயரத்தில், இடுப்பருகே இருக்கிறது. கைப்பிடிச் சுவர் அதற்குக் கீழே நின்றால், வேகமாக வந்து மோதும் உடல் சுவரைத் தாண்டிக் கவிழும். தேசியக் கட்டிட விதித்தொகுப்பு மாடிச் சுவருக்கு ஒரு மீட்டருக்குக் குறையாத உயரம் கேட்கிறது. நம் பழைய வீடுகள் பலவற்றில் அது இடுப்பளவுகூட இராது. உயரமான சுவர் இருந்தாலும், பட்டம் சிக்கியதும் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறத் தோன்றும்.

மாடி பட்டத்துக்கும் ஏற்றதல்ல. கட்டிட விளிம்பில் மோதும் காற்று சுழன்று, பட்டத்தைத் திடீரென்று கீழே அடிக்கும். பக்கத்திலேயே மின்கம்பியும் போகும்.

இடம், நேரம்

மெரினா மணலை எடுத்துக்கொள்வோம். கோடையில் பிற்பகல் கடற்காற்று கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ நிதானமாக வீசும். காற்றுக்கு முதுகு காட்டித்தான் பட்டம் விட வேண்டும். அப்படியானால் பட்டம் காமராஜர் சாலைப் பக்கம்தான் போகும். எனவே கூட்டமில்லாத இடமாகப் பார்த்து, அலையிலிருந்து சற்றே தள்ளி நில்லுங்கள். 25 மீட்டர் நூல் முழுவதும் விட்டாலும் பட்டம் மணலுக்கு மேலேயே நிற்கும், சாலைக்கு எட்டாது.

இன்னொரு சங்கடம், மாலையில் சூரியனும் அந்தப் பக்கமே. ஐந்து மணிக்குப் பிறகு போனால் வெயில் தாழ்ந்து, பட்டம் அதற்கு மேலே நிற்கும். ஒரு தொப்பியும் போட்டுவிடுங்கள். இலைகள் விடாமல் அசைந்து, சிறு கொடி விரிந்து பறக்கும் காற்று போதும். கொடி சடசடத்தாலோ, மேகம் கறுத்தாலோ பட்டத்தை இறக்கிவிட வேண்டும்.

உள்ளூரில் மைதானம் இருந்தால் இதே கணக்குதான்: காற்று போகும் திசையில் சாலை, ரயில்பாதை, மின்கம்பி எதுவும் நூலின் எட்டலுக்குள் இருக்கக்கூடாது.

மாட்டினால், அறுந்தால், வெட்டினால்

பட்டம் கம்பியில் மாட்டினால் நூலை அங்கேயே விட்டுவிட வேண்டும். ஈரமான பருத்தி நூலிலும் மின்சாரம் பாயும். குச்சியால் தட்டி எடுப்பது உயிரோடு விளையாடுவது. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. அறுந்து போகும் பட்டத்தின் பின்னால் ஓடக்கூடாது என்பதை முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். பட்டம் பார்க்கும் கண் லாரியைப் பார்க்காது. அறுந்த பட்டத்தில் வரும் நூல் மாஞ்சாவாகவும் இருக்கலாம்.

மாஞ்சா விரலை வெட்டினால் ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் எடுக்காமல் அழுத்துங்கள். விரலை மடக்க முடியாவிட்டாலோ, நுனி மரத்திருந்தாலோ தசைநாரோ நரம்போ வெட்டுப்பட்டிருக்கலாம். மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் போங்கள். டெட்டனஸ் ஊசி தேவையா என்று அவர் பார்ப்பார். கழுத்தில் வெட்டு என்றால் இரத்தம் வரும் இடத்தை மட்டும் துணியால் அழுத்திப் பிடித்தபடி 108ஐ அழையுங்கள். கழுத்தைச் சுற்றிக் கட்டுப்போடாதீர்கள்.

வீடு திரும்புமுன் மணலில் கிடக்கும் நூல் முழுவதையும் சுற்றி எடுத்து, சிறு துண்டுகளாக நறுக்கிக் குப்பைத்தொட்டியில் போடச் சொல்லுங்கள். பிறர் விட்டுப்போன மாஞ்சா கண்ணில் பட்டால் அதைப் பிள்ளை தொட வேண்டாம். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு நீங்கள் எடுங்கள்.