ஓ.டி. மாதத்தை நம்பி வாங்கும் கடன்

ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி பைக் லோனுக்கு நீட்டுவது பெரும்பாலும் ஓ.டி. நிறைந்த மாதத்துச் சம்பளச் சீட்டு. தவணையோ ஓ.டி. இல்லாத மாதத்திலும் அதே தொகைதான். அப்படிப்பட்ட மாதங்கள் வரத்தான் செய்யும். 2019-இல் வாகன விற்பனை சரிந்தபோது சென்னை வட்டாரத் தொழிற்சாலைகள் உற்பத்தியில்லா நாள்களை அறிவித்தன. 2024-இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது.

கணக்குக்காக ஒருவரை எடுத்துக்கொள்வோம். எட்டு மாதம் 21,000 ரூபாய், நான்கு மாதம் 12,000. அறை வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்புவது எல்லாம் சேர்த்துச் செலவு 13,500. தவணை 4,200. மெலிந்த மாதம் ஒவ்வொன்றிலும் 5,700 துண்டு விழும், நான்குக்கும் 22,800. அதை எட்டு நல்ல மாதங்களில் பிரித்தால் மாதம் 2,850, அதாவது சம்பளத்தில் ஏறக்குறைய 14 சதவீதம். ‘பத்து சதவீதம் ஒதுக்கினால் போதும்’ என்று பொதுவாகச் சொல்வதைக் கேட்டால் ஆண்டுக்கடைசியில் 6,000 ரூபாய் குறையும்.

இந்த 2,850-ஐ எடுத்து வைத்த பிறகு நல்ல மாதத்தில் மிஞ்சுவது 450 ரூபாய். மெலிந்த மாதம் நான்கல்ல, ஐந்து என்றால் தேவை 28,500. மீதி ஏழு மாதத்தில் ஒரு பைசா விடாமல் சேர்த்தாலும் 23,100-தான். அப்போது எந்தச் சதவீதமும் காப்பாற்றாது, கடனே பெரிது என்று அர்த்தம். கடந்த இரண்டு ஆண்டு பாஸ்புக்கைப் புரட்டி மெலிந்த மாதங்களை எண்ணாமல் சதவீதம் பேசுவதில் பொருளில்லை.

மெலிந்த மாதம் முதலிலேயே வந்தால் ஒதுக்கியது எதுவும் இருக்காது. அதனால் கடன் வாங்குமுன்னே இரண்டு தவணைத் தொகை தனியாக இருக்க வேண்டும். அந்தப் பணத்தைக் கடனில் முன்கூட்டிக் கட்டிவிடுவது புத்திசாலித்தனமாகத் தோன்றும். ஆனால் பகுதி முன்கட்டணம் அசலைத்தான் குறைக்கும். அடுத்த மாதத் தவணை வழக்கம்போல வந்து நிற்கும்.

தேதியையும் பாருங்கள். சம்பளம் 7-ஆம் தேதிக்கு மேல் ஏறி, தவணை 5-ஆம் தேதி எடுக்கப்பட்டால், நல்ல மாதத்திலும் பவுன்ஸ் ஆகும். வங்கி ஒரு கட்டணம், கடன் கொடுத்தவர் ஒரு கட்டணம் என இரண்டு விழும். மறுபடி முயன்று மறுபடி திரும்பினால் அந்தச் செலவும் சேரும். ஒதுக்கிய பணத்தில் ஒரு தவணை, அதை எடுக்கும் கணக்கிலேயே கிடக்கட்டும். தவணைத் தேதியை மாற்றித் தரவும் கேளுங்கள்.

ஆலையே மூடினால் இந்த ஒதுக்கீடு தாங்காது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-இல் உற்பத்தியை நிறுத்தியது. நம் கணக்கில் உள்ளவருக்கு வருமானமே நின்றால் மாதம் 17,700 வேண்டும். முழுதாகச் சேர்ந்த 22,800-ம் ஐந்தாறு வாரத்தில் கரைந்துவிடும். தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் அது வாராக் கடன். ஆகவே வேலை போன வாரமே, முதல் பவுன்ஸுக்கு முன்பே, தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தருமாறு கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.