சாவி வாங்குவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீர்

புது வீட்டைப் பார்க்கப் போகிறவர்களின் கண் முதலில் சுவரின் பெயிண்டில்தான் நிற்கும். கதவில் ஒரு கீறல், ஜன்னல் கண்ணாடியில் சிமெண்ட் கறை என்று குறைப் பட்டியல் ஒரு பக்கம் நிரம்பிவிடும். இவற்றையெல்லாம் ஒரு பெயிண்டர் அரை நாளில் சரிசெய்துவிடுவார். குடியேறிய பிறகு சரிசெய்யப் பெரும் பாடு படவேண்டிய குறை பெரும்பாலும் குளியலறைத் தரையில் இருக்கிறது. அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, தண்ணீர் ஊற்றித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சென்னையின் புறநகரில், மூன்றாம் மாடியில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். குளியலறை ஐந்துக்கு எட்டடி. ஷவர் மூலையில் நஹானி டிராப். எதிர் மூலையிலிருந்து அதற்கு ஏறக்குறைய ஏழடி தூரம். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வாட்டம் என்று கணக்கிட்டால், அந்த மூலையைவிட நஹானியின் வாய் சுமார் இரண்டு சென்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். வாஷ்பேசின் பக்கத்துச் சுவரோரம் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தால் போதும். ஈரம் மட்டும் மிஞ்சினால் கவலையில்லை. தண்ணீர் தேங்கி நின்றால் அதில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் பார்க்கலாம். அதன் கனம் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். நாணயம் மூழ்கினால் அங்கே குழி இருக்கிறது.

அந்தக் குழி டைல்ஸில் இல்லை, அதன் அடியிலுள்ள சிமெண்ட் பூச்சில் இருக்கிறது. அதனால் இடுக்குகளில் புதிதாக ஜாயிண்ட் பூசிக் கொடுப்பது பழுதுபார்த்ததாகாது. டைல்ஸைப் பெயர்த்து, வாட்டத்தைத் திருத்தி, மறுபடி பதிக்க வேண்டும். பெயர்க்கும்போது உளி இறங்கி அடியிலுள்ள வாட்டர்புரூஃபிங் கிழிந்துபோகலாம். ஆகவே புது டைல்ஸ் பதிக்கும் முன் அந்தத் தரையில் தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்ப்பது அவசியம். பட்டியலில் ‘குளியலறை வாட்டம் சரியில்லை’ என்று மட்டும் எழுதுவது எதற்கும் உதவாது. ‘பொதுக் குளியலறை, வாஷ்பேசின் சுவரோரம், இரண்டடிக்கு ஓரடி தண்ணீர் தேங்குகிறது, டைல்ஸ் பெயர்த்து, வாட்டம் மாற்றி, தண்ணீர் கட்டிச் சோதித்த பின் பதிக்க வேண்டும்’ என்று எழுதினால் சைட் இன்ஜினியருக்கும் மேஸ்திரிக்கும் வேலை தெளிவாகத் தெரியும். படமும் தேதியும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

கசிவு தனிச் சோதனை. நஹானியை அடைத்து, இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, 24 மணி நேரம் விட்டு, கீழ்வீட்டுக் குளியலறையின் மேற்கூரையைப் பார்க்க வேண்டும். பில்டரின் ஆள் உடன் இருந்தால்தான் அது நடக்கும். அதே சமயம் நம் தலைக்கு மேலுள்ள வீட்டிலும் தண்ணீர் கட்டச் சொல்வது நல்லது, ஏனென்றால் அங்கிருந்து கசிவது நம் கூரையில்தான் இறங்கும். இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. குளியலறைத் தளத்தைப் பள்ளமாக வார்த்து மேலே நிரப்பியிருந்தால், கசியும் தண்ணீர் முதலில் அந்த நிரப்பலில் ஊறும், கீழே ஓதமாகத் தெரியச் சில நாட்களாகலாம். ஒரு நாள் காய்ந்திருந்தது என்பதை முழு உத்தரவாதமாகக் கொள்ளக் கூடாது.

மின்சாரத்தில் தவறவிடக்கூடாதது ஒன்றே ஒன்று. மெயின் பெட்டியிலுள்ள ஆர்.சி.சி.பி.யின் ‘T’ பொத்தானை அழுத்தினால் அது உடனே விழ வேண்டும். விழாவிட்டால், ஷாக் அடிக்கும்போது உயிரைக் காக்க வேண்டிய கருவி வேலை செய்யவில்லை என்று பொருள். அதைப் பட்டியலின் முதல் வரியில் எழுத வேண்டும்.

2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14ஆம் பிரிவு இதற்கெல்லாம் துணை நிற்கிறது. ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் கட்டுமானத்திலோ வேலைத்தரத்திலோ குறை இருப்பதாகத் தெரிவித்தால், பில்டர் 30 நாட்களுக்குள் செலவு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். மெதுவாகத் தலைகாட்டும் கசிவுக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால் விளிம்பு உடைந்த டைல்ஸும் கீறல் விழுந்த சிங்க்கும் வேறு கதை. குடியேறிய பிறகு அது யார் செய்த சேதம் என்று நிரூபிப்பது கடினம். ‘வீட்டை முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்’ என்ற வரி ஒப்படைப்புக் கடிதத்தில் இருந்தால், கையெழுத்துப் போடும் முன் ‘இணைத்துள்ள குறைப் பட்டியலுக்கு உட்பட்டு’ என்று சேர்த்து எழுத வேண்டும். பட்டியலின் ஒவ்வொரு பக்கத்திலும் இன்ஜினியரின் கையெழுத்தும், ஒரு நகல் நம் கையிலும் இருக்க வேண்டும்.

வேலை முடிந்தது என்று அழைப்பு வந்ததும் அதே பட்டியலோடு போய், திருத்திய குளியலறையில் மறுபடி ஒரு வாளி ஊற்றிப் பார்த்து, சரியான வரிகளை மட்டும் அடித்துவிடலாம். தேங்குகிற வரி அடுத்த தேதியோடு பட்டியலிலேயே இருக்கட்டும்.