மூன்றில் ஒரு பங்கு!

“கீழ்க்காணும் பகுதியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி எழுதுக.”

கல்லூரி ஆங்கிலத் தாளில் வரும் பழைய கேள்வி இது. இதற்குப் “பிரெஸ்ஸி” என்று பெயர். கோவைக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக் கழகத்துடன் இணைந்திருந்த காலத்திலும், 1982-ல் பாரதியார் பல்கலைக் கழகம் பிறந்த பிறகும், மாணவர்கள் இதோடு மல்லுக்கட்டி வந்திருக்கிறார்கள்.

பலர் செய்யும் தவறு என்ன? மூன்று வாக்கியங்களில் ஒன்றை அப்படியே எடுத்து எழுதிவிடுகிறார்கள். அது சுருக்கம் அல்ல; கிழித்த துணி!

சரியான வழி எது? கோவைக் கதை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். வழி விளங்குவதற்காகத் தமிழிலேயே பார்ப்போம். ஆங்கிலத்திலும் வழி இதேதான்.

“கோயம்புத்தூரைச் சுற்றிலும் பருத்தி நன்றாக விளைந்தது. ஆனால் ஆலைகளை ஓட்ட நிலக்கரி தொலைவிலிருந்து வரவேண்டியிருந்தது. அதற்குச் செலவு அதிகமானதால் ஆலைகள் பெருகவில்லை. 1930-களில் நீலகிரியிலுள்ள பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்தது. அது மலிவாகக் கிடைத்தது. அதன்பின் சிங்காநல்லூர், பீளமேடு முதலிய இடங்களில் நூற்பாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக, மழைக்குப்பின் முளைக்கும் காளான்களைப்போல, பெருகின.”

எண்ணிப் பாருங்கள். மொத்தம் 36 சொற்கள். விடை 12 சொற்களில் அடங்க வேண்டும்.

முதலில் இரண்டு முறை படிக்க வேண்டும். பிறகு, “இது எதைப்பற்றிச் சொல்கிறது?” என்று கேட்க வேண்டும். ஆலைகள் பெருகிய காரணத்தைப்பற்றி! அதுவே தலைப்பும் ஆகிவிடும்.

அடுத்து, எதை விடலாம்? காளான் வெறும் உவமை, போகட்டும். சிங்காநல்லூரும் பீளமேடும் எடுத்துக்காட்டுகள். “கோவை” என்ற ஒரு சொல் போதும். ஆனால் “மலிவு” போகக் கூடாது. அதுதான் காரணம். அதை விட்டால் கதையின் முதுகெலும்பே போய்விடும்.

இனி மூலத்தை மூடி வைத்துவிட்டு, சொந்த நடையில் எழுத வேண்டும்:

“பருத்தி விளைந்தும் நிலக்கரிச் செலவால் தேங்கிய கோவை நூற்பாலைகள், 1930-களில் மலிவான பைக்காரா மின்சாரத்தால் பெருகின.”

சரியாக 12 சொற்கள்! ஆறு வாக்கியங்கள் ஒன்றாகிவிட்டன.

இன்னொரு பொறி உண்டு. கோவையில் 1888-லேயே நூற்பாலை தோன்றியது என்பது ஒரு மாணவருக்குத் தெரிந்திருக்கலாம். உண்மைதான். ஆனாலும் அதைச் சேர்க்கக் கூடாது. மூலத்தில் இல்லாதது சுருக்கத்திலும் இருக்கக் கூடாது. மூலத்தில் யாராவது “நான்” என்று பேசியிருந்தால், அதையும் “அவர்” என்று படர்க்கையில் மாற்றிவிட வேண்டும்.

கடைசியில் சொற்களை எண்ணி, எண்ணிக்கையை அடியில் குறிப்பது வழக்கம். கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ பாதகமில்லை. மிகவும் கூடினால் மதிப்பெண் போகும்.

விடை சரியா என்று அறிய எளிய சோதனை உண்டு. மூலத்தைப் பார்க்காத தம்பியிடமோ தங்கையிடமோ அதைப் படித்துக் காட்ட வேண்டும். “ஆலைகள் ஏன் பெருகின?” என்று கேட்டதும் பதில் வந்தால், சுருக்கம் தேறிவிட்டது!