பெயரா, சின்னமா? புதுக் கடைக்கு எந்த லோகோ?

மரச்செக்கு எண்ணெய்க் கடை ஒன்று தொடங்கப்போகிறது. பெயர் ‘வைகறை’ என்று வைத்துக்கொள்வோம். லோகோ வரைபவர் மூன்று மாதிரிகளைக் காட்டுகிறார். ஒன்றில் பெயர் மட்டும், ஒன்றில் சின்னம் மட்டும், மூன்றாவதில் இரண்டும் சேர்ந்து.

பலருக்கும் முதலில் பிடித்துப்போவது வெறும் சின்னம்தான். நைக்கியின் வளைகோட்டைப் பார்த்த ஆசை அது. ஆனால் அந்தக் கோடு வரையப்பட்டது 1971-இல். அந்நிறுவனம் லோகோவிலிருந்து பெயரை எடுத்தது 1995-இல். அதுவரை பெயர் கூடவே நின்று சின்னத்தை மக்களுக்குப் பழக்கியது. ஸ்டார்பக்ஸும் 2011-இல்தான் எழுத்துகளை நீக்கியது. கடை தொடங்கி நாற்பது ஆண்டு கழித்து. விளம்பரத்துக்குப் பெரிய பணம் இல்லாத புதுக் கடை, சின்னத்தை மட்டும் மாட்டினால் வாடிக்கையாளர் வாயில் என்ன பெயர் சொல்லிக் கேட்பார்?

பெயரையே லோகோவாக்கினால் அந்தச் சிக்கல் இல்லை. ‘வைகறை’ போல மூன்றெழுத்துப் பெயருக்கு அது நன்றாகவே பொருந்தும். ஆனால் எழுத்து வரைய உழைப்பு வேண்டும். இந்தப் பெயரில் இணைக்கொம்பு இரண்டு முறை வருகிறது. பெயர்ப்பலகையில் அழகாகத் தெரியும் அந்தச் சுழிகள், பாட்டில் மூடி அளவுக்குச் சுருங்கியதும் மை அடைத்துப் புள்ளியாகிவிடும். மாதிரியை இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில், கறுப்பில் மட்டும் அச்செடுத்துப் பாருங்கள். சுழி திறந்திருந்தால் பில் தாளிலும் தப்பிக்கும். அடைந்திருந்தால் கோட்டை மெலிதாக்கி, இடைவெளியைக் கூட்டித் திரும்ப வரையச் சொல்லுங்கள். ஆங்கிலத்திலும் பெயர் வேண்டுமென்றால், அதே கோட்டுத் தடிமனில் இன்னொன்றும் வரைய வேண்டும்.

இங்கேதான் சேர்ந்த லோகோ கைகொடுக்கிறது. தமிழ்ப் பெயரையும் ஆங்கிலப் பெயரையும் ஒரே கடையாகக் காட்டுவது நடுவே நிற்கும் சின்னம். வாட்ஸ்அப் படத்தின் சின்ன வட்டத்துக்கும் அது போதும். அதற்காகச் செக்கை வரைந்துவிடாதீர்கள். எண்ணெய் விற்கும் எல்லோரும் அதைத்தான் வரைகிறார்கள், அலமாரியில் உங்கள் பாட்டில் கலந்துவிடும். ‘வை’யின் இரு சுழிகளுக்குள் எண்ணெய்த் துளி ஒவ்வொன்றை வைத்தால், அது உங்களுடையதாகவே இருக்கும். சின்னம் தனியாக, பெயர் தனியாக, பக்கவாட்டில் ஒன்று, மேலும் கீழுமாக ஒன்று என்று நான்கு வடிவங்களையும் கேட்டு வாங்குங்கள். என் கணக்கில் புதுக் கடைக்கு இதுவே சரி, பெயர் பெரிதாகவும் சின்னம் துணையாகவும் இருக்கும்வரை.

வர்த்தகக்குறிப் பதிவிலும் இந்த வேறுபாடு வரும். சேர்ந்த லோகோவைப் படமாகப் பதிந்தால், சட்டம் காப்பது அந்த முழு உருவத்தை. அதற்குள் இருக்கும் பெயர் தனியே உங்களுக்கு உரிமையாகிவிடாது. பெயரைச் சொல்லாகப் பதிந்தால், நாளை எழுத்து வடிவம் மாறினாலும் காப்பு மாறாது. ‘மரச்செக்கு எண்ணெய்’ போலப் பொருளை மட்டும் சொல்லும் பெயருக்குப் பதிவு கிடைப்பது கடினம். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறதென்றால், முதலில் பெயரைப் பதிந்துவிடுங்கள்.