மூன்று நிமிடம் இருபது வினாடி: அதை யார் பார்த்தது?

ஒரு சமையல் சானலை எடுத்துக்கொள்வோம். வத்தக்குழம்பு வீடியோ ஒன்று, நீளம் 8 நிமிடம் 20 வினாடி. போட்டு ஒரு மாதம் ஆகிறது, 4,000 வியூஸ் வந்திருக்கிறது. சானல் நடத்தும் அம்மா யூடியூப் ஸ்டூடியோவைத் திறந்து, அந்த வீடியோவின் Analytics பக்கத்துக்குப் போகிறார். Average view duration என்ற இடத்தில் 3:20 என்று இருக்கிறது. Average percentage viewed என்ற இடத்தில் 40%. "பாதிகூட யாரும் பார்க்கலையேடா" என்று மகனிடம் சொல்கிறார். அதைவிட அவரை உறுத்துவது, முதல் வாரம் பார்த்தபோது அது 50 சதவீதமாக இருந்தது என்பதுதான். வியூஸ் ஏற ஏற இது இறங்கியிருக்கிறது.

இந்த அம்மாவும் அவர் எண்களும் கணக்கு புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. ஆனால் அந்த முக வாட்டம் சானல் வைத்திருக்கும் பலருக்கும் பழக்கமானது.

இரண்டு எண்களும் ஒரே கணக்கிலிருந்து வருபவை. எல்லோரும் சேர்ந்து அந்த வீடியோவைப் பார்த்த மொத்த நேரத்தை வியூஸால் வகுத்தால் கிடைப்பது சராசரிப் பார்வை நேரம். இங்கே மொத்தம் 8,00,000 வினாடி, அதாவது ஏறத்தாழ 222 மணி நேரம். அதை 4,000-ஆல் வகுத்தால் 200 வினாடி, அதுதான் 3:20. அந்த 200-ஐ வீடியோவின் நீளமான 500 வினாடியோடு ஒப்பிட்டால் 40 சதவீதம். அவ்வளவுதான் கணக்கு. சிக்கல் அதைப் படிப்பதில் இருக்கிறது.

முதல் சிக்கல், 3:20 வரை பார்த்துவிட்டுப் போனவர் என்று அநேகமாக ஒருவரும் இருக்க மாட்டார். நூறு பேர் பார்த்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது பேர் தொட்ட வேகத்தில் வெளியேறிவிடுகிறார்கள். அவர்கள் சராசரியாக 20 வினாடிதான் இருந்தார்கள். மீதி அறுபது பேர் உட்கார்ந்து, சராசரியாக 5 நிமிடம் 20 வினாடி பார்க்கிறார்கள். இரண்டு கூட்டத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் சரியாக 3:20 வருகிறது. நிஜத்தில் நடந்தது, ஒரு கூட்டம் உள்ளேயே வரவில்லை, இன்னொரு கூட்டம் வீடியோவில் 64 சதவீதம் பார்த்துவிட்டுப் போனது. சராசரியை மட்டும் பார்த்து "மூணாவது நிமிஷத்துல போரடிக்குது போல" என்று நடுப்பகுதியை வெட்டினால், நன்றாக இருக்கும் இடத்தில் கத்தி வைத்ததாகிவிடும்.

அதனால் இந்த இரண்டு எண்களைப் பார்த்த கையோடு, அதே பக்கத்தில் இருக்கும் வரைபடத்தையும் பார்க்க வேண்டும். வீடியோவின் ஒவ்வொரு நொடியிலும் எத்தனை சதவீதம் பேர் இருந்தார்கள் என்பதை அந்தக் கோடு காட்டும். நம் வத்தக்குழம்பு வீடியோவில் அது 100-இல் தொடங்கி, அரை நிமிடத்துக்குள் 60-க்குச் சரிகிறது. அந்த அரை நிமிடத்தில் என்ன இருக்கிறது என்று ஓட்டிப் பார்த்தால், வணக்கம், போன வார வீடியோவுக்கு வந்த கமென்ட்டுகளுக்கு நன்றி, சப்ஸ்கிரைப் பண்ணுங்கள், மணியை அழுத்துங்கள். அடுப்பு இன்னும் பற்றவைக்கப்படவில்லை. அதற்குப் பிறகு கோடு நிதானமாகச் சாய்கிறது. மூன்றாவது நிமிடத்துக்குச் சற்று முன்னால் ஒரு சின்ன மேடு. அங்கே புளி எவ்வளவு, குழம்புப் பொடி எவ்வளவு என்று திரையில் எழுதிக் காட்டியிருக்கிறார். ஆட்கள் பின்னால் ஓட்டி மறுபடி பார்த்திருக்கிறார்கள். கடைசியில், குழம்பை இறக்கிவைத்து "அப்புறம் நண்பர்களே" என்று தொடங்கியதும் கோடு செங்குத்தாக விழுகிறது. தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் சபா கேன்டீன் பக்கம் எழுந்து போகிறவர்களைப் போல, முடியப்போகிறது என்ற வாசனை பட்டதும் கூட்டம் கலைகிறது. அந்தக் கடைசிச் சரிவு எல்லா வீடியோவிலும் இருக்கும், அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது முதல் அரை நிமிடத்துக்கு.

இரண்டாவது சிக்கல்தான் அந்த அம்மாவை உண்மையில் குழப்பியது. 50 எப்படி 40 ஆனது? ஸ்டூடியோவில் Advanced mode என்பதைத் திறந்து Traffic source என்று பிரித்துப் பார்த்தால் விடை தெரியும். முதல் வாரம் வந்தது 1,000 வியூஸ். பெரும்பாலும் ஏற்கெனவே சப்ஸ்கிரைப் செய்தவர்கள். அந்த அம்மாவின் குரலும் கைப்பக்குவமும் தெரிந்தவர்கள். அவர்கள் சராசரியாக 4:10 பார்த்தார்கள், அதாவது பாதி வீடியோ. அதைப் பார்த்த யூடியூப், முகப்புப் பக்கம் வழியாக இந்த வீடியோவை அறிமுகமில்லாதவர்கள் முன்னால் வைக்கத் தொடங்கியது. திரையில் அதன் பெயர் Browse features. அந்த வழியில் வந்தது 3,000 வியூஸ். இவர்களுக்கு இந்த அம்மா யாரென்றே தெரியாது. படத்தைப் பார்த்துத் தொட்டவர்கள், பிடிக்காவிட்டால் உடனே அடுத்ததற்குப் போகிறவர்கள். சராசரி 3 நிமிடம் 3 வினாடி, சுமார் 37 சதவீதம். இரண்டையும் கலந்தால் 40.

ஆக, யாரும் முன்பைவிடக் குறைவாகப் பார்க்கத் தொடங்கவில்லை. சானலை அறியாத கூட்டம் உள்ளே வந்தது, அதனால் சராசரி இறங்கியது. வீடியோ பரவும்போது இந்த எண் இறங்குவதுதான் இயல்பு. வியூஸ் இருநூறில் நின்றுபோய், 65 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும் வீடியோவைவிட இது எவ்வளவோ மேல். வெறும் சொந்தபந்தம் பார்த்த வீடியோவில் அந்தச் சதவீதம் உயர்ந்தும் இருக்கலாம், படுமோசமாகவும் இருக்கலாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் லிங்க்கைப் போட்டால், அத்தையும் சித்தப்பாவும் தொட்டுப் பத்து வினாடி பார்த்துவிட்டு, குழுவுக்குத் திரும்பிவந்து கைதட்டும் எமோஜி போட்டுவிடுவார்கள். அது External என்ற வரிசையில் வந்து சராசரியை இழுத்துக் கீழே தள்ளும். ஐம்பது, நூறு வியூஸ் உள்ள வீடியோவுக்கு இந்த இரண்டு எண்களையும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். போட்ட அன்றே பார்ப்பதிலும் பயனில்லை. அந்த வரைபடத்துக்கான விவரம் வந்து சேர ஒன்றிரண்டு நாள் பிடிக்கும்.

சரி, எவ்வளவு இருந்தால் நல்லது? இவ்வளவு வேண்டும் என்று எல்லா வீடியோவுக்கும் பொதுவான ஒரு தேர்ச்சி மதிப்பெண்ணை யூடியூப் வைத்திருக்கவில்லை. "50 சதவீதம் இருந்தே ஆகணும்" என்று பயிற்சி வகுப்புகளில் அடித்துச் சொல்வதை நான் நம்புவதில்லை, ஏனென்றால் நீளத்தைச் சொல்லாமல் சதவீதத்தைச் சொல்வதற்கு அர்த்தமே கிடையாது. 3 நிமிட வீடியோவில் 60 சதவீதம் என்றால் 1:48. இருபது நிமிட வீடியோவில் 30 சதவீதம் என்றால் 6 நிமிடம். எது நல்லது? வீடியோ நீள நீள, சதவீதம் தானாகக் குறையும், நிமிடம் தானாகக் கூடும். ஒரு எண்ணை மட்டும் துரத்தினால் ஏமாற்றவும் முடியும். நம் வீடியோவின் கடைசி 40 வினாடி "அப்புறம் நண்பர்களே"வை வெட்டி எறிந்தால், ஒருவர்கூடக் கூடுதலாகப் பார்க்காமலே சதவீதம் இரண்டு மூன்று புள்ளி ஏறிவிடும். மாறாக, குழம்பு கொதிப்பதை இரண்டு நிமிடம் கூடுதலாகக் காட்டினால் நிமிடம் கொஞ்சம் கூடலாம், சதவீதம் விழும். அதனால்தான் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்கிறேன்.

இந்த நிமிடங்களுக்கு மதிப்பு வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 2012 வரை யூடியூப் வீடியோக்களைப் பரிந்துரைத்ததில் எத்தனை பேர் தொட்டார்கள் என்பதற்குத்தான் பெரிய எடை. பளபள படத்தையும் பொய்த் தலைப்பையும் வைத்து ஆளை இழுத்தவர்கள் முன்னால் வந்தார்கள். அந்த ஆண்டுதான் பார்த்த நேரத்துக்கு எடை கொடுத்து முறையை மாற்றினார்கள். பின்னால் பார்வையாளருக்குத் திருப்தியா என்று கேட்கும் சிறு கேள்விகளும் சேர்ந்தன. விளம்பர வருமானத்துக்கான தகுதியில் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை என்று ஒரு வழி இருக்கிறதே, அதையும் இந்த எண்ணால் கணக்கிடலாம். சராசரி 3:20 என்றால் அதற்கு 72,000 வியூஸ் வேண்டும்.

வீடியோ எதற்காக இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆதாரில் மொபைல் எண்ணை மாற்றுவது எப்படி என்று தேடி வருகிறவர், எந்த இடத்துக்குப் போக வேண்டும், என்ன காகிதம் வேண்டும் என்பது ஒன்றரை நிமிடத்தில் கிடைத்துவிட்டால் கிளம்பிவிடுவார். ஆறு நிமிட வீடியோவில் அது 25 சதவீதம். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு கதை சொல்லும் வீடியோவில் அதே 25 சதவீதம் வந்தால் கதை பிடிக்கவில்லை என்றே அர்த்தம். ஷார்ட்ஸ் தனி உலகம். முடிந்ததும் மறுபடி ஓடுவதால் 100 சதவீதத்தைத் தாண்டுவதும் நடக்கும். அதை வைத்து நீள வீடியோவை அளக்கக் கூடாது.

எனவே நியாயமான அளவுகோல், உங்கள் சானலிலேயே இருக்கும், ஏறத்தாழ அதே நீளமுள்ள, அதே வகையான மற்ற வீடியோக்கள்தான். ஸ்டூடியோவே அந்த ஒப்பீட்டைச் செய்து தருகிறது. வரைபடத்தின் பின்னால் வழக்கமான அளவைக் காட்டும் பட்டை இருக்கும். உங்கள் கோடு அதற்கு மேலே போகிறதா, கீழே போகிறதா என்று பார்க்கலாம். அரை நிமிடத்தில் எத்தனை சதவீதம் பேர் மிச்சம் இருந்தார்கள், அது உங்கள் வழக்கத்துக்குக் கூடுதலா குறைவா என்பதையும் சொல்லும்.

அப்படி ஒப்பிட்டுப் பார்க்கிறார் அந்த அம்மா. சாம்பார், காரக்குழம்பு, மோர்க்குழம்பு என்று எட்டு நிமிடத்தை ஒட்டிய வீடியோக்கள் நான்கைந்து இருக்கின்றன. முகப்புப் பக்கம் வழியாக வந்தவர்களை மட்டும் தனியே எடுத்தால், அவற்றில் 31 முதல் 34 சதவீதம் வரைதான். வத்தக்குழம்பு 37. ஆக உடம்பு நல்ல ஆரோக்கியம். ஆனால் அரை நிமிடத்தில் மற்றவற்றில் 68 சதவீதம் பேர் நின்றிருக்கிறார்கள், இதில் 60. நன்றி சொன்ன அந்தத் தொடக்கம்தான் காரணமாக இருக்க வேண்டும், ஏனென்றால் மற்ற வீடியோக்களில் வணக்கம் சொன்ன கையோடு தாளித்துவிடுகிறார்.

ஓடிப்போன நாற்பது பேரில் பத்துப் பேர் நின்று, மற்றவர்களைப் போலவே பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மகன் கைப்பேசியில் போட்டுப் பார்க்கிறான். சராசரி 3:50, சதவீதம் 46. நடுவில் ஒரு நொடியையும் தொடாமல். அடுத்த வாரம் எடுக்கப்போவது எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு. கமென்ட்டுக்கான நன்றியைக் கமென்ட்டிலேயே எழுதிவிடலாம் என்றும், எண்ணெயில் கத்தரிக்காய் விழும் ஷாட்டோடு தொடங்கலாம் என்றும் பேசிவைத்திருக்கிறார்கள்.