அளவைக் கல்லீரல் தீர்மானிக்கும்போது

கனடாவில் 2 வயதுச் சிறுவன் ஒருவன் இரவெல்லாம் குறட்டை விட்டான். தூக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்று நின்று வந்தது. டான்சிலையும் அடினாய்டையும் அகற்றினால் சரியாகிவிடும் என்று மருத்துவர்கள் முடிவு செய்தார்கள். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து பையன் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். தொண்டை வலிக்குக் கோடீனும் பாராசிட்டமாலும் கலந்த சிரப் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். இரண்டாம் நாள் இரவு காய்ச்சலும் இளைப்பும் வந்தன. மறுநாள் காலையில் அவன் உயிரோடு இல்லை.

2009-ல் மருத்துவ இதழ் ஒன்றில் இந்த மரணத்தின் விவரம் வெளியானது. பையனின் எடை 13 கிலோ. ஒரு வேளைக்கு அவனுக்குச் சொல்லப்பட்ட கோடீன் 10 முதல் 12.5 மில்லிகிராம். அந்த எடைக்கு அப்போது வழக்கத்தில் இருந்த அளவுதான் அது. அப்படியிருந்தும் அவன் ரத்தத்தில் மூச்சையே அடக்கிவிடும் அளவுக்கு மார்ஃபின் இருந்தது.

அவனுக்கு யாரும் மார்ஃபின் கொடுக்கவில்லை. அதை அவன் உடம்பே தயாரித்தது.

கோடீனுக்குத் தன்னளவில் வலியைக் குறைக்கும் ஆற்றல் குறைவு. விழுங்கிய கோடீனில் ஒரு சிறு பங்கைக் கல்லீரலில் உள்ள சி.ஒய்.பி. 2டி6 என்ற நொதி மார்ஃபினாக மாற்றுகிறது. வலியைத் தணிப்பது அந்த மார்ஃபின்தான். இந்த நொதியின் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். அதைச் செய்யும் மரபணு பெரும்பாலானோருக்கு இரண்டு பிரதிகள் இருக்கும். சிலருக்குச் செயல்படும் பிரதி ஒன்றுகூட இருக்காது. அவர்களுக்கு எவ்வளவு கோடீன் கொடுத்தாலும் வலி அடங்காது. வேறு சிலருக்கு மூன்றோ அதற்கு மேலோ இருக்கும். கோடீன் உள்ளே போன சிறிது நேரத்திலேயே அவர்கள் ரத்தத்தில் மார்ஃபின் மளமளவென்று ஏறிவிடும். கனடாச் சிறுவனுக்குச் செயல்படும் பிரதிகள் மூன்று இருந்ததைப் பின்னர் செய்த மரபணுச் சோதனை காட்டியது.

எத்தியோப்பியர்களிடையே இத்தகைய அதிவேக உடல்வாகு நான்கில் ஒருவருக்கும் மேல் காணப்படுகிறது. ஐரோப்பிய வம்சாவளியினரில் 100-க்கு 1 முதல் 10 பேர் வரை. ஆசியாவில் ஆய்வு செய்யப்பட்ட பல இனத்தவரிடம் இது இன்னும் குறைவு. ஆனால் குழந்தையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. குடும்பத்தில் யாருக்கும் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை.

டான்சில் குழந்தைகளுக்கு இன்னொரு ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. மாதக்கணக்கில் தூக்கத்தில் மூச்சுத் தடைபட்டு, ஆக்சிஜன் குறைந்து குறைந்து பழகிய குழந்தைகளுக்கு மார்ஃபின் வகை மருந்துகள் கூடுதலாக வேலை செய்கின்றன. டான்சிலை எடுத்ததும் அன்றிரவே மூச்சுப்பாதை சீராகிவிடுவதும் இல்லை, தொண்டை வீங்கியிருக்கும். ஆக, மூச்சை மந்தமாக்கும் மருந்து, அதைத் தாங்கவே முடியாத இரவில் கொடுக்கப்படுகிறது.

கனடா மரணத்தைத் தொடர்ந்து 2012-ல் மேலும் சில குழந்தைகளின் விவரங்கள் வெளிவந்தன. உலகச் சுகாதார நிறுவனம் குழந்தைகளின் வலி குறித்த தன் வழிகாட்டுதலிலிருந்து கோடீனை நீக்கியது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2013-ல் டான்சில் சிகிச்சைக்குப் பிறகு குழந்தைகளுக்குக் கோடீன் கூடாது என்றது. 2017 ஏப்ரலில் 12 வயதுக்குட்பட்ட யாருக்கும் வலிக்கோ இருமலுக்கோ அது கூடாது என்று தடையை விரிவாக்கியது. பழைய பதிவுகளைத் தேடியபோது 18 வயதுக்குட்பட்டவர்களில் 64 பேருக்குக் கடுமையான மூச்சுக்கோளாறு வந்திருந்ததும், அவர்களில் 24 பேர் இறந்திருந்ததும் தெரிந்தன. தாமாக முன்வந்து தெரிவிக்கப்பட்டவை மட்டுமே இந்தக் கணக்கில் வரும்.

கோடீனைக் கைவிட்ட சில மருத்துவர்கள் டிராமடாலுக்கு மாறினார்கள். அது அவ்வளவு வலுவானது அல்ல, மூச்சை அதிகம் பாதிக்காது என்ற எண்ணம் அப்போது பரவலாக இருந்தது. ஆனால் அதே நொதிதான் டிராமடாலையும் பல மடங்கு வலுவான வேறொரு பொருளாக மாற்றுகிறது. பிரான்சில் டான்சில் எடுக்கப்பட்ட 5 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இரவில் ஒரே ஒரு முறை 20 மில்லிகிராம் டிராமடால் தரப்பட்டது. மறுநாள் காலையில் எழுப்ப முடியாத மயக்கம். கண்மணிகள் ஊசிமுனை போல் சுருங்கியிருந்தன. மூச்சு மிக மெதுவாக வந்தது. மருத்துவமனையில் நலாக்சோன் என்ற முறிமருந்து கொடுத்த பிறகே தேறினான். அவனும் அதிவேக வகையைச் சேர்ந்தவன் என்று சோதனை சொன்னது. டிராமடாலால் வலிப்பும் வரக்கூடும். 2017 அறிவிப்பில் 12 வயதுக்குட்பட்டோரின் வலிக்கு அதற்கும் தடை வந்தது. டான்சில் சிகிச்சைக்குப் பிறகு என்றால் 18 வயது வரை.

நம் வீடுகளில் கவனிக்க வேண்டியது இங்கேதான். பெரியவர்களின் முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் எழுதப்படும் மாத்திரைகள் சிலவற்றில் பாராசிட்டமாலோடு 37.5 மில்லிகிராம் டிராமடாலும் இருக்கும். ‘பாராசிட்டமால்தானே’ என்று அதில் பாதியை உடைத்துக் குழந்தைக்குக் கொடுத்தால், பிரான்ஸ் சிறுவனுக்குக் கொடுத்த அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்.

சரி, கோடீன் இல்லையென்றால் குழந்தை வலியோடு கிடக்க வேண்டுமா? வேண்டாம். கை எலும்பு முறிந்த குழந்தைகளுக்கு வீட்டில் கொடுக்க எது நல்லது என்று அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. கோடீன் கலந்த பாராசிட்டமாலுக்கு இபுப்ரோஃபென் சற்றும் சளைக்கவில்லை, பக்கவிளைவும் குறைவு. கனடாவில் டான்சில் எடுத்த குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு மார்ஃபினும் மறு பிரிவுக்கு இபுப்ரோஃபெனும் கொடுத்தார்கள். இரு பிரிவுக்கும் பாராசிட்டமால் பொது. வலி தணிந்ததில் வித்தியாசம் இல்லை. ஆனால் மார்ஃபின் பெற்ற குழந்தைகளுக்கு முதல் இரவில் ஆக்சிஜன் திரும்பத் திரும்ப இறங்கியதால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். 2015-ல் வெளியான இந்த முடிவு, அந்தச் சிகிச்சைக்குப் பின் வீட்டில் எது போதும் என்பதைத் தெளிவாக்கிவிட்டது.

இந்த இரண்டு மருந்துகளும் பலன் தர வேண்டுமென்றால் அளவு எடைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை. 12 கிலோ குழந்தை என்றால் 180. பாட்டிலில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்றிருந்தால் 7.5 மில்லி ஊற்ற வேண்டும். 250 என்றிருந்தால் 3.6 மில்லிதான். பச்சிளம் குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். அதைச் சிரப் என்று நினைத்து 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம் போய்விடும். அதனால் எந்தப் பாட்டிலாக இருந்தாலும் லேபிளைப் படித்து, அளவுக் குழாயால் எடுப்பதே சரி. வேளைகளுக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம், பெரும்பாலும் 6 மணி நேரம் இடைவெளி வேண்டும். சளி மருந்திலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கக்கூடும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இபுப்ரோஃபென் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம், 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. வாந்தி, வயிற்றுப்போக்கால் நீர்ச்சத்து வற்றிய குழந்தைக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ள குழந்தைக்கும் இது ஆகாது. டெங்கு சந்தேகம் இருந்தால் ரத்தக்கசிவு அபாயம் காரணமாகத் தொடவே கூடாது; அப்போது பாராசிட்டமால் மட்டுமே. ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு உகந்ததல்ல. நிமிசுலைடை 12 வயதுக்குட்பட்டோருக்கு இந்தியாவில் 2011-லேயே தடை செய்துவிட்டார்கள்.

தீக்காயம், பெரிய அறுவை சிகிச்சை, புற்றுநோய் வலி போன்றவற்றுக்கு இவை போதாது. அங்கே மருத்துவர்கள் மார்ஃபினையே நேரடியாகக் கொடுக்கிறார்கள். விபரீதமாகத் தோன்றினாலும் கோடீனைவிட இதுவே பாதுகாப்பானது. எவ்வளவு மார்ஃபின் உடம்புக்குள் போகிறது என்பது முன்பே தெரியும், அதைச் சி.ஒய்.பி. 2டி6 தீர்மானிப்பதில்லை. சிறிய அளவில் தொடங்கி, மூச்சையும் ஆக்சிஜனையும் கண்காணித்தபடி கூட்டலாம். குறிப்பிட்ட நரம்பை மரக்கச் செய்யும் ஊசி, மூக்கில் தெளிக்கும் ஃபென்டனில் போன்ற வழிகளும் மருத்துவமனைகளில் உண்டு.

ஏற்கெனவே கோடீனோ டிராமடாலோ கொடுத்துவிட்ட குழந்தை தட்டியும் கூப்பிட்டும் சரியாக விழிக்காமல் போனால், வழக்கமில்லாத கரகர மூச்சோ நீண்ட இடைவெளி விட்ட மூச்சோ வந்தால், உதடு நீலம் பாரித்தால், அசதியில் தூங்குகிறது என்று விட்டுவிடக் கூடாது. அடுத்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு உடனே 108-ஐ அழைக்க வேண்டும். என்ன மருந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று சொல்லி, பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். அதைப் பார்த்தால் மருத்துவர் தாமதமின்றி நலாக்சோனைக் கொடுக்க முடியும்.